ஃபார்முலா ஒன் நுழைவுச்சீட்டும் ஜொகூர் முகவரின் இன்வாய்ஸும்: கொடுத்தவர் மட்டும்தான் மாட்டுவாரா?

கேள்வி: “ஏறக்குறைய 90 பேர் வேலை செய்யும் ஏர்கான் பராமரிப்பு நிறுவனத்தில் நிதி மேலாளராக இருக்கிறேன். எங்கள் விற்பனை மேலாளர் ஒரு வாடிக்கையாளரின் கட்டட மேலாளருக்கு இரண்டு ஃபார்முலா ஒன் நுழைவுச்சீட்டுகள் வாங்கிக் கொடுத்துவிட்டு கிளெய்ம் படிவத்தை நீட்டுகிறார். ஜொகூரில் இருக்கும் முகவர் ‘செயல்முறைக் கட்டணம்’ என்று இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் வியாபாரத்தில் வழக்கம்தானே என்கிறார் முதலாளி. பிரச்சினை வந்தால் கொடுத்தவர் மட்டும் மாட்டுவாரா, கம்பெனியும் மாட்டுமா? ஒரு பாலிசி எழுதி வைத்துவிட்டால் போதுமா?”

பதில்: நான் வழக்கறிஞர் அல்லன். சிங்கப்பூரின் நடுத்தர நிறுவனங்களில் உள்தணிக்கையும் விதிமுறை இணக்கமும் பார்த்து வருபவன். ஆகவே சட்டத்தில் தெளிவாக இருப்பதை அப்படியே சொல்கிறேன். தெளிவில்லாத இடம் ஒன்று உண்டு. அதைத் தனியாகச் சுட்டுகிறேன். அந்த இடத்துக்கு வரும்போது உங்கள் கையில் உள்ள தாள்களோடு குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது அவசியம்.

முதலில் ‘வழக்கம்தானே’ என்ற வாதத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் சட்டமே அதை முடித்து வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட ஆதாயம் ஒரு தொழிலிலோ வணிகத்திலோ வழக்கமாகக் கொடுக்கப்படுவதுதான் என்று காட்டுவதற்கான சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது. எல்லாரும் கொடுக்கிறார்கள் என்பதை நிரூபித்தாலும் அது எதிர்வாதமாக நிற்காது. அடுத்து, லஞ்சம் என்றால் அரசாங்க அதிகாரிக்குக் கொடுப்பது மட்டுமே என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு தனியார் நிறுவன ஊழியருக்கும் அப்படியே பொருந்தும். ஒருவர் தம்மை வேலைக்கு வைத்திருப்பவருடைய காரியத்தில் ஒருவருக்குச் சாதகமாக நடந்துகொள்வதற்காக, ஊழல் நோக்கத்தோடு எதையாவது வாங்கினாலும் அவருக்கு எதையாவது கொடுத்தாலும் குற்றம். அதிகபட்சம் 100,000 வெள்ளி அபராதம், 5 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடன், வேலைவாய்ப்பு, சேவை, சலுகை எல்லாம் ‘ஆதாயம்’ என்ற சொல்லுக்குள் வரும். தொகைக்குக் கீழ்வரம்பும் கிடையாது. கொள்கலன்களை இறக்கி ஏற்றிய பாரந்தூக்கி வண்டி ஓட்டுநர்கள், லாரிக்காரர்களைக் காக்க வைக்காமல் இருப்பதற்காக ஒரு வெள்ளி வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வழக்கு இங்கே 2018-இல் வந்தது.

கீழ்வரம்பு இல்லை என்றால் தீபாவளிக்கு அனுப்பும் பலகாரப் பெட்டியும் குற்றமா என்று கேட்கத் தோன்றும். இல்லை. ஊழல் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். அந்த நோக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதால், சுற்றியுள்ள சூழலிலிருந்துதான் நீதிமன்றம் அதை ஊகித்தறிகிறது. எனவே உங்கள் விற்பனை மேலாளரின் நுழைவுச்சீட்டைப் பொறுத்தவரை விலையைவிட முக்கியமான நான்கு தகவல்களை நீங்கள் இப்போதே தேடிப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டட மேலாளர் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதிலோ, உங்கள் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதிலோ பங்கு உள்ளவரா? அந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது? நுழைவுச்சீட்டைப் பற்றி அவருடைய நிறுவனத்துக்குத் தெரியுமா? உங்கள் ஆள் கூடப் போய் உட்கார்ந்து பேசினாரா, அல்லது அவரும் மனைவியும் போய்ப் பார்க்கும்படி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாரா?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. இரண்டு சீட்டுகள் சேர்த்து 2,600 வெள்ளி. பந்தயம் அக்டோபர் தொடக்கத்தில். பராமரிப்பு ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது. புதிய விலைப்புள்ளிகளை மதிப்பிடும் மூவரில் அந்தக் கட்டட மேலாளர் ஒருவர். சீட்டு அவருடைய அலுவலக முகவரிக்கு அனுப்பப்படாமல் வாகன நிறுத்துமிடத்தில் கைமாறியது. கிளெய்ம் படிவத்தில் சீட்டைப் பெற்றவர் பெயர் இல்லை, ‘ஊழியர் நலன்’ என்ற கணக்குத் தலைப்பில் போடப்பட்டிருக்கிறது. இதில் தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் குற்றமாகத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால், முடிவெடுக்கும் ஒருவருக்கு, முடிவுக்குச் சற்று முன்பு, அவருடைய முதலாளிக்குத் தெரியாமல், நம் கணக்கிலும் மறைத்துக் கொடுக்கப்பட்ட ஒன்றாக அது நிற்கும். அதே 2,600 வெள்ளிக்கு, ஒப்பந்தம் முடிவாகி ஓராண்டு ஆன நேரத்தில், வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அழைப்பு அனுப்பி, அவர்களே தேர்ந்தெடுத்த இருவர் வந்து உங்கள் இயக்குநரோடு உட்கார்ந்து பார்த்திருந்தால் அது ஆடம்பரம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். லஞ்சம் என்று நிறுவுவது மிகக் கடினம்.

‘ஊழியர் நலன்’ என்று எழுதியதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்தும் பகுதி. லஞ்சம் என்று நிரூபிக்க முடியாமல் போனாலும், ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கில் பொய்யாகப் பதிவது தண்டனைச் சட்டத்தின் 477ஏ பிரிவின்கீழ் தனிக் குற்றம். அதற்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பதிவைச் செய்வது நிதித்துறை, அதாவது நீங்களும் உங்கள் ஆட்களும். ஆகவே அந்தப் படிவம் இன்னும் உங்கள் மேசையில் இருந்தால் தலைப்பை மாற்றி நீங்களே திருத்த வேண்டாம். பெற்றவர் பெயர், நிறுவனம், காரணம் ஆகியவற்றை விற்பனை மேலாளரே எழுதித் தரும்படி கேட்டுத் திருப்பி அனுப்புங்கள், முதல் படிவத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் பொது அமைப்பாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். நகர மன்றங்களும் சட்டப்படி பொது அமைப்புகளே என்பது பல குத்தகையாளர்களுக்குத் தெரிவதில்லை. அரசாங்கத்தோடோ பொது அமைப்போடோ வணிகம் செய்பவர், அல்லது செய்ய முயல்பவர், அங்கே வேலை செய்பவருக்கு எதையாவது கொடுத்தது நிரூபிக்கப்பட்டால், அது ஊழல் நோக்கத்தோடுதான் கொடுக்கப்பட்டது என்று 8-ஆம் பிரிவு எடுத்த எடுப்பிலேயே அனுமானிக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய சுமை கொடுத்தவர் மீதும் வாங்கியவர் மீதும் விழுகிறது. பொது அமைப்பின் ஒப்பந்தம் தொடர்பான லஞ்சத்துக்குச் சிறைத்தண்டனையின் உச்சவரம்பும் 7 ஆண்டுகளாக உயர்கிறது.

முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரனின் வழக்கு உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது, ஏனென்றால் அதிலும் ஃபார்முலா ஒன் நுழைவுச்சீட்டுகள் இருந்தன. 2024 அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஒப்புக்கொண்ட ஐந்து குற்றச்சாட்டுகளில் நான்கு, தண்டனைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவின்கீழ் வந்தவை: தம் அலுவல் சார்ந்த தொடர்புடையவர்களிடமிருந்து மதிப்புள்ள பொருள்களை ஒரு பொது ஊழியர் விலை கொடுக்காமல் பெறுவது. இந்தப் பிரிவுக்கு ஊழல் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பிரதியுபகாரம் ஏதும் கேட்கவில்லை, நட்புக்காகக் கொடுத்தோம் என்ற விளக்கம் இங்கே பெரிதாக உதவாது. ஐந்தாவது குற்றச்சாட்டிலிருந்து நிறுவனங்கள் கற்க வேண்டியது அதிகம். தோஹாவிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானப் பயணத்துக்கான சுமார் 5,700 வெள்ளியை அவர் பிற்பாடு திருப்பிக் கொடுத்தார். விசாரணை நடந்துகொண்டிருந்த சூழலில் அப்படித் திருப்பிக் கொடுத்ததே நீதிக்கு இடையூறு செய்ததாகக் குற்றமாயிற்று. அதற்கு உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொண்ட தொழிலதிபர் ஓங் பெங் செங்குக்கு 2025 ஆகஸ்டில் 30,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. விஷயம் வெளியே வரும் என்ற பயத்தில் பழைய தேதி போட்டு இன்வாய்ஸ் தயாரிப்பதும், ‘அவர் காசு கொடுத்துவிட்டார்’ என்று காட்ட இப்போது பணம் வாங்குவதும் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அமைச்சருக்கு அடுத்த படியில் இருக்கும் சாதாரண அரசாங்க ஊழியர்களுக்கும் விதி இருக்கிறது. வேலை காரணமாக வரும் பரிசை அவர்கள் மறுக்க வேண்டும், மறுக்க முடியாதபோது மேலதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். 50 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ளதை வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் விலையைச் செலுத்த வேண்டும். இந்த 50 வெள்ளியை ‘அதுவரை கொடுக்கலாம்’ என்று நம் பக்கத்து வரம்பாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது அவர்களுடைய நடத்தை விதி. நமக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி அன்று. பொது அமைப்புகளுக்குப் பரிசே அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. வாழ்த்து அட்டை போதும்.

இனி நிறுவனத்தின் பொறுப்பு. ஊழல் தடுப்புச் சட்டம் ‘யாரேனும் ஒருவர்’ என்று சொல்வதில் நிறுவனமும் அடங்கும். ஆனால் நிறுவனத்துக்கு மனம் இல்லை என்பதால், யாருடைய மனத்தை அதன் மனமாக எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எழுகிறது. நிறுவனத்தை இயக்கி நடத்துபவர், அல்லது அந்த நிர்வாக அதிகாரம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ அவர், செய்தது நிறுவனம் செய்ததாகவே கருதப்படும். இது உறுதி. அங் மோ கியோ நகர மன்றத்தின் முன்னாள் பொது மேலாளர் தொடர்பான வழக்கில் 2019-இல் அவரும் லஞ்சம் கொடுத்த நிறுவன இயக்குநரும் சிறைக்குப் போனதோடு, அந்த இயக்குநரின் இரண்டு நிறுவனங்களுக்கும் தலா 75,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வழக்கில் ஆதாயமாகக் கருதப்பட்டவற்றில் கரவோக்கே கூடங்களில் நடந்த விருந்துபசாரமும் இருந்தது. நம்மைப் போன்ற அளவுள்ள நிறுவனங்களின் கதை அது.

நான் முன்பு சொன்ன தெளிவில்லாத இடம் இதுதான்: நிர்வாக அதிகாரம் இல்லாத ஓர் ஊழியர், மேலே யாருக்கும் தெரியாமல் கொடுத்தால் நிறுவனம் குற்றவாளியாகுமா? ‘தடுக்கத் தவறியது’ என்பதையே நிறுவனக் குற்றமாக்கும் பிரிவு, பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தில் இருப்பதுபோல், நம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் இல்லை. ஆகவே அந்த ஊழியரிடம் எவ்வளவு அதிகாரம் ஒப்படைக்கப்பட்டிருந்தது, அவருடைய செலவை யார் அங்கீகரித்தார்கள், அங்கீகரித்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பவற்றைப் பொறுத்துத்தான் பதில் அமையும். இங்கே நடுத்தர நிறுவனத்துக்குப் பெரிய நிறுவனத்தைவிட ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. பன்னாட்டு நிறுவனத்தில் செலவுக் கோரிக்கைக்கும் இயக்குநர் குழுவுக்கும் நடுவே ஐந்து அடுக்குகள் இருக்கும். உங்கள் நிறுவனத்தில் முதலாளியே கையெழுத்திடுகிறார். ‘இதெல்லாம் வழக்கம்தானே’ என்று சொல்லி அவர் கையெழுத்திட்ட அந்தக் கணத்திலேயே தெரிந்துதான் செய்தார் என்ற வாதம் எழுந்துவிடும். விற்பனை மேலாளரின் செயலாக மட்டும் இருந்தது நிறுவனத்தின் செயலாக மாறக்கூடிய இடம் அந்தக் கையெழுத்துதான். இதை அவரிடம் தனியாக, மரியாதையாக, ஆனால் இதே தெளிவோடு சொல்லுங்கள்.

ஜொகூர் விவகாரத்தில் இந்தத் தெளிவின்மைகூட இல்லை. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியாவில் பதிவான நிறுவனத்துக்கு மட்டுமன்றி, அங்கே வணிகத்தின் ஒரு பகுதியை நடத்தும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் அது பொருந்தும். நிறுவனத்துக்காகச் சேவை செய்யும் எவரும், முகவர் உட்பட, வணிகத்தைப் பெறுவதற்கோ வணிகத்தில் ஓர் அனுகூலத்துக்கோ லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றம் செய்ததாகும். முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அபராதம் லஞ்சத் தொகையைப் போல் குறைந்தது பத்து மடங்கு, அல்லது ஒரு மில்லியன் ரிங்கிட், இவற்றில் எது கூடுதலோ அது. உங்கள் முகவர் ஒரு அனுமதிக்காக 30,000 ரிங்கிட் கொடுத்திருந்தால் பத்து மடங்கு 300,000 ஆகிறது; மில்லியன்தான் அதிகம் என்பதால் அபராதம் ஒரு மில்லியனிலிருந்து தொடங்கும். 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. இயக்குநர்களும் நிர்வாகத்தில் இருப்பவர்களும், தங்கள் சம்மதம் இல்லாமல் நடந்தது என்றும் தாங்கள் உரிய கவனத்தோடு செயல்பட்டோம் என்றும் நிரூபித்தால் ஒழிய, அதே குற்றத்தைச் செய்தவர்களாகக் கருதப்படுவார்கள். நிறுவனத்துக்கு இருக்கும் எதிர்வாதம் ஒன்றே: லஞ்சத்தைத் தடுக்கப் போதுமான நடைமுறைகள் நம்மிடம் இருந்தன என்று காட்டுவது. இங்கே ஒரு சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் கொடுத்ததும் 37-ஆம் பிரிவின்படி சிங்கப்பூரில் கொடுத்ததைப் போலவே கையாளப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலத்தைத் தாண்டிவிட்டால் வேறு சட்டம் என்று நினைப்பவர்களுக்கு உண்மையில் இரண்டு சட்டங்களும் ஒன்றாகக் காத்திருக்கின்றன.

ஆகவே அந்த ‘செயல்முறைக் கட்டணம்’ இன்வாய்ஸுக்கு இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள். எந்த அலுவலகத்தில், எந்த விண்ணப்பத்துக்கு, எந்தக் கட்டண அட்டவணையின்படி என்று முகவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அரசாங்கக் கட்டணமாக இருந்தால் அதற்கு அரசாங்க ரசீது இருக்கும். அதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லி ரசீதை இணைக்கச் சொல்லுங்கள். அவருடைய உழைப்புக்கான ஊதியமாக இருந்தால் ஒப்பந்தத்தில் அதற்கு விகிதமோ தொகையோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் வெளியே மிஞ்சும் தொகைதான் கோப்பிக் காசு. அதற்கு ‘காரியம் சீக்கிரம் நடக்க’ என்ற காரணம் சொல்லப்படும். விரைவுபடுத்தக் கொடுக்கும் சிறு தொகைக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு குறுகிய விலக்கு உண்டு. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பணம் போகச் சொல்லும் வங்கிக் கணக்கு முகவரின் பெயரில் இல்லாமல் மைத்துனர் பெயரிலோ வேறொரு நாட்டிலோ இருந்தால், மேற்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

பாலிசியைப் பொறுத்தவரை, எழுதி வைப்பது தொடக்கம்தான், அது ஓர் அலமாரியில் இருந்தால் பயனில்லை. நான் பார்த்த கொள்கைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் ஓட்டையாக இருந்தன: வரம்பைக் கொடுப்பவரின் பக்கம் வைத்திருந்தன. ‘ஒரு முறைக்கு 200 வெள்ளிக்கு மேல் இயக்குநர் ஒப்புதல்’ என்று விதி இருக்கும். விற்பனை மேலாளர் 180 வெள்ளிக்கு விருந்து வைப்பார். திட்ட மேலாளர் அதே வாரம் 190 வெள்ளிக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டு கொடுப்பார். மூன்றாமவர் 170 வெள்ளிக்கு ஒரு பரிசுக்கூடை அனுப்புவார். மூன்று படிவங்களும் விதிக்கு உட்பட்டவை, வாங்கியவர் ஒருவரே, ஒரு வாரத்தில் 540 வெள்ளி. ஆகவே வரம்பு வாங்குபவரின் பெயரில், ஆண்டுக்கு, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து இருக்க வேண்டும். படிவத்தில் வாங்குபவரின் பெயர், நிறுவனம், உங்களோடு நிலுவையில் உள்ள ஒப்பந்தம் ஆகிய மூன்று கட்டங்களும் நிரம்பாமல் பணம் வெளியே போகக்கூடாது. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை வாங்குபவர் பெயர் வாரியாக அடுக்கி, பக்கத்தில் ஒப்பந்தப் புதுப்பிப்புத் தேதிகளை வைத்துப் பாருங்கள். எந்தத் தேதிக்கு முன்னால் செலவு குவிகிறது என்பது கண்ணுக்குத் தானாகப் படும். ரொக்கமும், அங்பாவும், பற்றுச்சீட்டும் வாடிக்கையாளரின் ஊழியர்களுக்கு அறவே கூடாது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஒப்பந்தப்புள்ளி திறந்திருக்கும் காலத்தில் தேநீருக்கு மேல் எதுவும் இல்லை என்று இன்னொரு வரி.

முதலாளியின் செலவும் இதே படிவத்தில் வர வேண்டும், அதை அங்கீகரிப்பவர் அவராக இருக்கக்கூடாது. இதுதான் ஏற்கவைக்க மிகக் கடினமானது. சிறிய நிறுவனத்தில் வேறு யார் கையெழுத்திடுவது என்பார். இன்னொரு இயக்குநர், அல்லது வெளிக் கணக்காய்வாளரிடம் ஆண்டுக்கு ஒருமுறை காட்டுவது என்று ஏதேனும் ஒரு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு நிறுவனங்களுக்காக வெளியிட்டுள்ள ‘பேக்ட்’ என்னும் வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அளவுக்கு அதுவே போதும். ஐஎஸ்ஓ 37001 சான்றிதழை, பெரிய வாடிக்கையாளர் கேட்டால் வாங்குங்கள். அது இருப்பதால் மட்டும் எந்த நீதிமன்றமும் உங்களை விட்டுவிடாது.

நுழைவுச்சீட்டு ஏற்கெனவே கைமாறிவிட்டது என்பதால் இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். படிவம், வாட்ஸ்அப் செய்திகள், மின்னஞ்சல்கள் எதையும் யாரும் அழிக்கக்கூடாது என்று முதலாளியின் பெயரில் ஒரு குறிப்பு அனுப்பச் சொல்லுங்கள். விற்பனை மேலாளரோடு நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். வழக்கறிஞர் வந்த பிறகு அவர் வழியாகக் கேட்கப்படுவது நல்லது. புலனாய்வுப் பிரிவிடம் தகவல் தருவதா என்பதை அவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தகவல் தருபவரின் அடையாளத்தைப் பாதுகாக்கிறது. 2018-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஒரு நிறுவனம் நிபந்தனைகளை ஏற்று வழக்கைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தம் செய்துகொள்ள உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு வழியுண்டு. அது நிறுவனங்களுக்கு மட்டுமே. இயக்குநருக்கோ உங்களுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. அதனால் நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்கள் தனிப்பட்ட வழக்கறிஞர் ஆகமாட்டார் என்பதை நினைவில் வைத்து, அந்த ‘ஊழியர் நலன்’ பதிவில் உங்கள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தால் உங்களுக்கென்று ஒருவரிடம் தனியாக ஆலோசனை பெறுங்கள்.